சபையாரிடம் நேர்காணல்: ஒப்புதலும் ரகசியக் காப்பும்

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இந்தப் பகுதியைப் பெரும்பாலோர் கடைசியில்தான் எழுதுகிறார்கள். அதுவும் முன்பு அனுமதி பெற்ற யாரோ ஒருவரின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். அந்த முன்மாதிரி பெரும்பாலும் மருத்துவமனையிலோ கருத்துக்கணிப்பிலோ பிறந்ததாக இருக்கும். "பங்கேற்பாளர்களின் பெயர் மாற்றப்படும், தரவுகள் கடவுச்சொல்லுடன் பாதுகாக்கப்படும்" என்ற இரண்டு வரிகள் அங்கே போதும். அங்கே வரும் நோயாளிகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. சபை அப்படிப்பட்ட இடமல்ல. ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் கூடுபவர்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்திலும் துக்கத்திலும் மற்றவர் நிற்பவர்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். உங்கள் பங்கேற்பாளரை அடையாளம் காணக்கூடியவர் கணினியைத் திறக்கும் திருடர் அல்ல. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்.

நியூசிலாந்து சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004-ல் எழுதிய கட்டுரையில் இந்த ஆபத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். வெளியாருக்குத் தெரியாமல் காப்பது ஒரு வேலை. ஒரே குழுவுக்குள் இருப்பவர்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கண்டுபிடிக்காமல் காப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துக்கொள்வதே சபை ஆய்வு விண்ணப்பங்களின் முதன்மையான குறை. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி ஆய்வை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சேகரம் ஒன்று. சபையில் உறுப்பினராக இருந்துகொண்டே பெந்தெகொஸ்தே வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கும் போய்வருகிற பெண்களைப் பற்றி முனைவர் பட்ட மாணவி ஒருவர் ஆராய்கிறார். இருபது பெண்களிடம், ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் போல, பேச நினைக்கிறார்.

எதற்கு அஞ்ச வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

"இந்த ஆய்வில் குறைந்தபட்ச ஆபத்தே உள்ளது" என்று தொடங்கும் விண்ணப்பம் குழுவிடமிருந்து கேள்விகளோடு திரும்பி வரும். திரும்பி வரவேண்டியதுதான். ஒரு பெண் இன்னொரு இடத்தில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த செய்தி சேகரத்தில் பரவினால் என்ன நடக்கும்? அவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் நீடிப்பது கேள்விக்குள்ளாகலாம். அதோடு சேகரத் தேர்தலில் அவருடைய வாக்கும் போகலாம். மகள் கல்யாணத்தை ஆலயத்தில் நடத்துவதில் இழுபறி வரலாம். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்பது சங்கடமாகலாம். கணவரோ அவரோ திருமண்டலப் பள்ளியில் வேலை பார்த்தால் அந்தக் கவலையும் சேரும். இவற்றில் எது எந்தச் சபையில் நடக்கும் என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. உங்கள் சபையில் எவை நடக்கக்கூடியவை என்று விசாரித்து அவற்றையே எழுதுங்கள். ஆபத்து என்னவென்று தெரிந்தால்தான் எதைக் காக்க வேண்டும் என்பது தெரியும். கல்லறையும் கல்யாணமும் குறிப்பிடப்பட்ட விண்ணப்பத்தைப் படிக்கும் குழு, இவர் அந்த ஊரை அறிந்தவர் என்று புரிந்துகொள்ளும்.

ஐயர் தருவது அனுமதி, ஒப்புதல் அல்ல

ஆலய வளாகத்துக்குள் போக, ஆராதனைக்குப் பின் அறிவிப்பு கொடுக்க, சேகர குருவின் அனுமதி வேண்டும். அதை எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஆனால் அந்தக் கடிதம் எந்தப் பெண்ணின் சார்பிலும் சம்மதம் தெரிவிக்காது. ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன: சமூகத்தின் தலைமை அனுமதித்தாலும் தனிநபரின் ஒப்புதலைத் தனியாகப் பெறவேண்டும். அந்த ஆவணம் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகக் குழுக்கள் சமூக அறிவியல் விண்ணப்பங்களையும் அதை வைத்தே அளக்கின்றன.

உண்மையான சிக்கல் அன்போடு வரும். "நம்ம சபையில யார் யார்கிட்ட பேசணும்னு நானே பட்டியல் தந்துடறேன், உபதேசியார் கூட்டிட்டு வருவார்" என்பார் ஐயர். இந்த உதவியை ஏற்றால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கெடுகின்றன. யார் பேசினார்கள் என்பது ஐயருக்குத் தெரிந்துவிடும். வர மறுத்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும். ஐயர் சொல்லி வந்தவருக்கோ மாட்டேன் என்று சொல்லும் வழியே இருந்திருக்காது. ஆகவே பங்கேற்பாளர்களைக் கண்டடையும் வழி ஐயரின் கையைத் தாண்டிப் போக வேண்டும். அதை விண்ணப்பத்தில் படிப்படியாகச் சொல்லுங்கள்.

நம் மாணவி இப்படிச் செய்யலாம். ஆராதனை முடிவில் அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். தொலைபேசி எண் அச்சிட்ட சிறு அட்டையை, ஆண் பெண் வித்தியாசமில்லாமல், வெளியே போகும் எல்லோருக்கும் கொடுக்கிறார். அட்டை கையில் இருப்பதால் மட்டும் யாரையும் சந்தேகிக்க முடியாது. ஆலய வாசலில் யாருடைய பெயரையும் எழுதிக்கொள்வதில்லை. விருப்பம் உள்ளவர் பிறகு அழைக்கிறார். ஒருவரிடம் பேசி முடித்தபின் "உங்களுக்குத் தெரிந்த வேறு யார் எண்ணாவது தாருங்கள்" என்று கேட்பதுமில்லை. இரண்டு அட்டைகள் கொடுத்து, விருப்பம் உள்ளவரிடம் சேர்க்கச் சொல்கிறார். அழைப்பு எப்போதும் பேசப்போகிறவரிடமிருந்துதான் வரவேண்டும். பேச வருபவர்களின் எண்ணிக்கை இதனால் மெதுவாகத்தான் கூடும். கள ஆய்வு அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று குழு பார்க்கும்.

"யார் யார் பேசினாங்க?" என்று ஐயர் பின்னால் ஒருநாள் கேட்பார். கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. சபையை மேய்ப்பவருக்கு அது இயல்பான கேள்வி. அந்த நேரத்தில் பதில் தேடுவதைவிட அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது:

"சபையாரில் யார் நேர்காணலில் பங்கேற்றார், யார் மறுத்தார் என்ற விவரம் சேகர குருவுக்கோ சேகரக் குழுவுக்கோ திருமண்டல அலுவலகத்துக்கோ தெரிவிக்கப்படாது. நேர்காணலின் ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் அவர்களுக்குக் காட்டப்படாது. ஆய்வு முடிந்தபின் பொதுவான சுருக்கம் ஒன்று சபைக்கு வழங்கப்படும்."

ஐயர் கையெழுத்திட வேண்டியது இந்த வாசகத்தின் கீழ்தான். இதற்குச் சட்டத்திலும் ஓர் இணை உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஆய்வுக்கென்று ஒரு விலக்கைத் தருகிறது. அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நேர்காணல் பதிவைப் படித்து ஒருவரின் உறுப்பினர் நிலையைச் சபை தீர்மானித்தால், நீங்கள் நின்றிருந்த அந்த நிலமே நழுவிவிடும்.

மாணவர் இறையியல் கல்லூரியில் படிப்பவராகவோ ஊழியராகவோ இருந்தால் இன்னொரு பத்தியும் தேவை. உங்களை "தம்பி ஐயர்" என்று அழைக்கிற அம்மா, உங்களிடம் சொல்வதை ஆலோசனை கேட்பதாகவே எண்ணக்கூடும். இது ஆய்வுக்கான உரையாடல், போதக ஆலோசனை அல்ல. பேச மறுத்தாலும் வீட்டுச் சந்திப்போ ஜெபமோ குறையாது. இரண்டையும் அவர் புரிந்துகொள்ளும்படி எப்போது, எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் நீங்கள் ஊழியம் செய்யும் சபையை விட்டு வேறு சபையைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் எளிய தீர்வு. பலர் வசதி கருதி அதைத் தவிர்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கையெழுத்து என்ற தடயம்

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் அனுமதி கிடைக்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு. நம் மாணவியின் ஆய்வில் இருபது பெண்களின் உண்மைப் பெயர் ஒரே கட்டாக இருக்கப்போவது அந்தப் படிவங்களில்தான். பாதுகாப்புக்காக வாங்கும் காகிதமே ஆபத்தான காகிதம் ஆகிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வாய்மொழி ஒப்புதலைக் கேட்கலாம். ஆனால் காரணத்தோடு கேட்க வேண்டும்: எழுத்து ஒப்புதல் ஏன் தீங்கு தரும், வாய்மொழி ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வீர்கள் என்று இரண்டையும் சொல்லுங்கள். தகவல் தாளை வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, "சம்மதம்" என்பதைப் பெயர் சொல்லாமல் ஒலிப்பதிவின் தொடக்கத்தில் பதிவதே வழக்கமான முறை. குழு சாட்சி ஒருவரைக் கேட்டால், அந்தச் சாட்சி சபைக்கு வெளியே உள்ளவராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

சம்மதத்தை ஒரே மூச்சில் வாங்காதீர்கள். பேசச் சம்மதமா, ஒலிப்பதிவுக்குச் சம்மதமா, சொன்ன வார்த்தைகளை மேற்கோளாகப் போடச் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பேசுவேன், ஆனால் என் குரல் வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். ஒரே ஊரில் குரலைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நேர்காணல் நடக்கும் இடமும் ஒப்புதலைச் சேர்ந்ததுதான். ஆலய வளாகத்து அறை வேண்டாம். உள்ளே போவதை எல்லோரும் பார்ப்பார்கள். பேசுபவரின் வீட்டில் மாமியார் காப்பி கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார், எழுந்து போகச் சொல்ல யாராலும் முடியாது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: பேச்சைப் பொதுவான விஷயத்துக்குத் திருப்பிவிட்டு, வேறொரு நாள் வேறொரு இடத்தில் தொடரலாமா என்று பிறகு அவரிடம் தனியாகக் கேட்பேன் என்று.

பயணச் செலவு கொடுப்பதாக இருந்தால் ரொக்கமாகக் கொடுங்கள். யு.பி.ஐ. வழியாக அனுப்பும் நூறு ரூபாய், இரண்டு பேரின் பெயரோடும் தேதியோடும் வங்கிப் பதிவில் நிற்கும். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு பெயரும் கையெழுத்தும் உள்ள ரசீதைக் கேட்கலாம். குறியீட்டு எண் மட்டும் எழுதிய ரசீதை ஏற்கும்படி நெறிமுறைக் குழுவே பரிந்துரைக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். களத்துக்குப் போனபின் இதைச் சரிசெய்வது கடினம்.

பெயரை மாற்றினால் ஆள் மறைவதில்லை

இந்தப் பகுதியின் நடு இடம் இது. ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். மாணவியின் முதல் வரைவில் இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"சாரா, 38 வயது, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. கணவர் சவுதியில் வேலை செய்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். 2016-ல் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்."

உண்மைப் பெயர் சாரா அல்ல. அதனால் என்ன? சேகரத்தில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள் ஆறு பேர் என்றால், அவர்களில் கணவர் சவுதியில் இருப்பவர் ஒருவர்தான். இரண்டு விவரங்கள் சேர்ந்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. அதுவரை யாரும் அறியாத ஞானஸ்நானச் செய்தியை ஆய்வேடு ஊருக்குச் சொல்லிவிட்டது.

இங்கே செய்யவேண்டியது, பத்தியிலுள்ள ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து, என் வாதத்துக்கு இது வேண்டுமா என்று கேட்பது. மாணவியின் வாதம் இதுதான்: கணவர் தொலைவில் இருக்கும் பெண்களுக்கு, சபையில் கிடைக்காத தலைமைப் பொறுப்பு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கிடைக்கிறது. இதற்குக் கணவர் ஊரில் இல்லை என்பது வேண்டும், சவுதி வேண்டாம். சபையில் ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தார் என்பது வேண்டும். எந்தப் பொறுப்பு என்பது வேண்டாம். வயது முப்பதுகளில் என்றால் போதும். குழந்தைகள் வேண்டாம். ஞானஸ்நானம் எடுத்த ஆண்டும் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன்பு என்பதே போதும். மிஞ்சுவது: "சாரா முப்பதுகளில் இருப்பவர். கணவர் வேலை நிமித்தம் வெளியூரில். சபையில் ஒரு பொறுப்பில் இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்." வாதம் அப்படியே நிற்கிறது. இந்த விவரங்களுக்குப் பொருந்தும் பெண்கள் இப்போது பலர்.

விவரங்களைக் குறைக்கலாம், பொய்யாக மாற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆசிரியையைச் செவிலியராக்குவது தீங்கில்லாததாகத் தெரியலாம். ஆனால் திருமண்டலப் பள்ளி வேலைதான் அவருடைய அச்சத்துக்குக் காரணம் என்றால், அந்த மாற்றம் ஆய்வையே பொய்யாக்கும். சாதியைப் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் தேவை. ஒரே சாதியார் பெரும்பான்மையாக உள்ள சேகரத்தில் மற்றவர் இரண்டு குடும்பம்தான் என்றால், சாதியைச் சொன்னாலே பெயரைச் சொன்னதற்குச் சமம். அதற்காகச் சாதியை அடியோடு விட்டுவிட்டாலும் ஆய்வு ஊனமாகும். அப்போது சாதி பற்றிய பேச்சுகளை எந்தப் புனைபெயரோடும் சேர்க்காமல், "பேசியவர்களில் ஒருவர்" என்று தனி அத்தியாயத்தில் வைக்கலாம்.

பலர் கவனிக்காத தடயம் பேச்சு. ஒருவர் அடிக்கடி சொல்லும் வேத வசனம், சாட்சி சொல்லும்போது எப்போதும் தொடங்கும் விதம், "எங்கம்மா சொல்வாங்க" என்று வரும் பழமொழி, இவற்றை அப்படியே மேற்கோளிட்டால் சேகரத்தார் படித்ததும் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்வார்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் மொழிமாற்றத்தில் இது ஓரளவு கரையும். தமிழில் எழுதுகிறவர் அத்தகைய தொடர்களைத் தன் நடையில் சொல்லிவிடுவது நல்லது.

ஜெப விண்ணப்பங்களையும் மறக்காதீர்கள். பேச்சின் முடிவில் பெண்கள் ஜெபிக்க விரும்புவார்கள். அந்த ஜெபத்தில் நாத்தனாரின் கர்ப்பப்பைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பையனின் குடிப்பழக்கம் எல்லாம் பெயரோடு வரும். அந்த நாத்தனார் உங்களுக்கு எந்தச் சம்மதமும் தரவில்லை. ஜெபம் தொடங்கும் முன் பதிவை நிறுத்திவிடுவேன், பேச்சின் நடுவே வரும் பிறர் விவரங்களை எழுத்தாக்கத்திலேயே நீக்கிவிடுவேன் என்று விண்ணப்பத்தில் சொல்லுங்கள்.

சேகரத்துக்கும் புனைபெயர் வைப்பது வழக்கம். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. நான்சி ஷெப்பர்-ஹியூஸ் அயர்லாந்துக் கிராமம் ஒன்றுக்கு 'பாலிபிரான்' என்று பெயர் மாற்றி 1979-ல் நூல் வெளியிட்டார். ஊரார் தங்கள் ஊரையும், அதில் வரும் தங்களையும் கண்டுகொண்டார்கள். 1999-ல் அவர் அங்கே திரும்பிச் சென்றபோது ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். இருபது ஆண்டுகளில் அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. நம் மாணவி ஆறு மாதம் எந்தச் சேகரத்துக்குப் போய்வந்தார் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஊர் வெளிப்பட்டாலும் ஆள் வெளிப்படக் கூடாது என்ற அளவில் எழுதுவதே பத்திரம்.

இதற்கு நான் நம்பும் ஒரே சோதனை, பேசியவரிடமே போவது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஒவ்வொருவருக்கும் அவர் வரும் பத்திகளை மட்டும் வாசித்துக் காட்டி, "உங்கள் நாத்தனார் இதைப் படித்தால் நீங்கள்தான் என்று தெரியுமா?" என்று கேளுங்கள். எது தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. இந்த இரண்டாம் சந்திப்பைப் பற்றி முதல் தகவல் தாளிலேயே சொல்லி, கால அட்டவணையிலும் சேர்த்துவிட வேண்டும்.

காக்க முடியாததை வாக்களிக்காதீர்கள்

"முழு ரகசியம் காக்கப்படும்" என்ற தொடரை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் 2001 முதல் 2006 வரை வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் பதிவு செய்தது. தாங்கள் இறக்கும்வரை ஒலிநாடா வெளிவராது என்று நம்பி அவர்கள் பேசினார்கள். அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்ற வாசகம் திட்டத்தை நடத்தியவருடனான ஒப்பந்தத்தில் இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அது இல்லை. 2011-ல் பிரிட்டன் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது. ஒரு பகுதிப் பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின.

சபை ஆய்வில் ஆயுதக் குழு இல்லை. ஆனால் ஓய்வுநாள் பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைப் பற்றி யாராவது சொல்லக்கூடும். போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-ன்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது பிரிவு 21-ன் கீழ் குற்றம். ஆய்வாளருக்கு இதில் விலக்கு இல்லை. இதைப் பேச்சு தொடங்கும் முன்பே, சட்ட மொழியில் அல்லாமல், சொல்லிவிட வேண்டும்:

"நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தை ஒன்றுக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சட்டப்படி நான் கடமைப்பட்டவள். நீதிமன்றம் ஆணையிட்டுக் கேட்டால் என்னிடம் இருக்கும் பதிவை மறைக்கவும் எனக்கு உரிமை இல்லை. நம் சபையார் யாராவது படித்து ஊகித்துவிடக்கூடாது என்பதற்காக விவரங்களைக் குறைத்து எழுதுவேன். ஆனாலும் யாருமே ஊகிக்க மாட்டார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது."

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் பேசாமல் எழுந்து போகலாம். அதற்கு இடம் கொடுப்பதுதான் ஒப்புதல்.

குழு விவாதமும் நடத்துவதாக இருந்தால், மற்றவர்கள் வெளியே பேசமாட்டார்கள் என்று நீங்கள் உறுதி தர முடியாது. கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். இந்த மாதிரி ஆய்வில் குழு விவாதத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பதிவுகளின் ஆயுள்

இது சுருக்கமாக இருக்கட்டும். ஒலிக்கோப்புக்கு 'நே-07' போன்ற எண் மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் காகிதத்தில், பதிவுகள் இருக்கும் கணினிக்கு வெளியே, பூட்டிய இடத்தில். கைபேசியில் பதிவு செய்தால் கோப்பு தானாக மேகச் சேமிப்புக்குப் போகிறதா என்று பார்த்து முதலிலேயே நிறுத்துங்கள். எழுத்தாக்கத்துக்கு வெளியாளை அமர்த்தினால் அவர் அந்தத் திருமண்டலத்தைச் சேராதவராக இருக்கவேண்டும், ரகசியக் காப்பு உறுதியில் கையெழுத்திட்டிருக்கவும் வேண்டும். எழுத்தாக்கத்தைச் சரிபார்த்ததும் ஒலிக்கோப்பை அழிப்பதாகவும், இரண்டாம் சந்திப்புக்குப் பின் விலகுவதற்கான காலம் முடிந்ததும் பெயர்ப் பட்டியலை அழிப்பதாகவும் எழுதுங்கள். உங்கள் நிறுவனத்தின் சேமிப்பு விதி நீண்ட காலம் கேட்டால், பெயர் நீக்கிய எழுத்தாக்கத்துக்கு மட்டும் அதைப் பொருத்தும்படி கேளுங்கள்.

விலகும் உரிமைக்கு ஒரு முடிவுத் தேதி தேவை. பெயர்ப் பட்டியல் அழிந்தபின் எந்தப் பதிவு யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஆகவே "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று எழுதாமல், "உங்கள் பத்திகளை உங்களுக்கு வாசித்துக் காட்டிய நாளிலிருந்து 30 நாள் வரை, காரணம் சொல்லாமல், ஓர் அழைப்பில் விலகலாம், நீங்கள் சொன்ன அனைத்தும் நீக்கப்படும்" என்று எழுதுங்கள். அந்த அழைப்புக்குத் தரும் எண், ஆய்வு முடியும்வரை மாறாத எண்ணாக இருக்கட்டும். ஆய்வாளரைப் பற்றியே புகார் சொல்ல விரும்புபவருக்காக நெறிமுறைக் குழுச் செயலரின் தொடர்பு எண்ணும் அதே தாளில் தமிழில் இருக்கவேண்டும்.